சோலார் டேங்க்கில் ராத்திரி குறையும் சூடு: மேலே இன்னொரு சுற்று இன்சுலேஷன் போடலாமா?

கேள்வி: "குன்னூரில் வீடு. மொட்டை மாடியில் 200 லிட்டர் டியூப் சோலார், 20 கண்ணாடி டியூப். டேங்க்கில் 50 மி.மீ. பஃப் இருக்கிறது என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. சாயங்காலம் 6.30-க்கு 58 டிகிரி இருக்கும் தண்ணீர் காலை 6.30-க்கு 46 ஆகிவிடுகிறது. யாரும் ராத்திரி வெந்நீர் எடுப்பதில்லை. டேங்க்கைச் சுற்றி இன்னும் 50 மி.மீ. இன்சுலேஷன் போட்டு மேலே அலுமினியத் தகடு அடித்துத் தருகிறேன், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் பிளம்பர். போட்ட காசு திரும்புமா?"

திரும்பாது. உங்கள் டேங்க்கில் குறையும் 12 டிகிரியில் பஃப் என்கிற நுரை இன்சுலேஷன் வழியாகப் போவது இரண்டரை டிகிரிதான். மேலே இன்னொரு சுற்று போட்டால் அது ஏறக்குறைய 2 டிகிரி ஆகும், அவ்வளவே. மீதி ஒன்பதரை டிகிரி வேறு வழிகளில் போகிறது. அதில் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் நிறுத்தலாம். இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று காட்டிவிடுகிறேன், உங்கள் வீட்டு அளவுகளைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் டிகிரியை யூனிட்டாக மாற்ற வேண்டும். 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட் கரண்ட் ஆகும். ஆகவே லிட்டரை டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

```
200 × 12 ÷ 860 = 2.8 யூனிட் (ஒரு ராத்திரிக்கு)
2800 ÷ 12 மணி = 233 வாட்
```

அதாவது ராத்திரி முழுக்க இரண்டு, மூன்று பழைய குண்டு பல்பு எரிந்த அளவு சூடு வெளியே போகிறது. ஆனால் இந்த 233 வாட்டை வைத்துக்கொண்டு உங்கள் டேங்க்கை இன்னொரு டேங்க்கோடு ஒப்பிட முடியாது. வெளியே குளிர் கூடினால் இழப்பும் கூடும். அதனால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். தண்ணீரின் சராசரி 58-க்கும் 46-க்கும் நடுவில், 52 டிகிரி. குன்னூரில் ஜனவரி ராத்திரியின் சராசரியை 11.5 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒரு தெர்மாமீட்டரை வெளியே தொங்கவிட்டுச் சாயங்காலம், நடுராத்திரி, விடியற்காலை மூன்று தடவை பார்த்தால் போதும். வித்தியாசம் 40.5 டிகிரி. 233-ஐ 40.5-ஆல் வகுத்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.7 வாட் வருகிறது. டேங்க்கின் குணத்தைச் சொல்லும் எண் இதுதான். கோடையிலும் குளிரிலும் இது பெரிதாக மாறாது. எதைச் சரிசெய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, 50 மி.மீ. பஃப் போட்ட டேங்க் எவ்வளவு இழக்கவேண்டும் என்று பார்ப்போம். 200 லிட்டர் டேங்க்கின் உள்விட்டம் 40 செ.மீ., நீளம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பஃப் ஒரு மீட்டர் கனத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.025 வாட்தான் விடும். உருளைப் பகுதிக்கு 1.13, இரண்டு மூடிகளுக்கும் சேர்த்து 0.13, வெளியே காற்றின் சிறு தடையைக் கழித்தால் மொத்தம் டிகிரிக்கு 1.2 வாட். 40.5-ஆல் பெருக்கினால் 49 வாட். 12 மணி நேரத்துக்கு 0.58 யூனிட். தண்ணீரில் இது இரண்டரை டிகிரி.

அளந்தது 5.7. பஃப் கணக்கு 1.2. நடுவில் இருக்கும் 4.5 எங்கே போகிறது என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது.

பிளம்பர் சொல்லும் கூடுதல் சுற்றை முதலில் முடித்துவிடுவோம். டேங்க் சுத்தமாக இன்சுலேஷனே இல்லாமல் இருந்தால் டிகிரிக்கு 20 வாட்டுக்கு மேல் இழக்கும். முதல் 50 மி.மீ. அதை 1.2-க்கு இறக்கிவிட்டது. அடுத்த 50 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் அதை 0.8-க்கு இறக்கும், அதுவும் முழு டேங்க்கையும் சுற்ற முடிந்தால். டியூப் நுழையும் அடிப்பக்கத்தையும் ஸ்டாண்டு தாங்கும் இடத்தையும் சுற்ற முடியாது. முக்கால் பங்கு பரப்பை மூடினால் 0.9-க்கு வரும். மிச்சம் டிகிரிக்கு 0.3 வாட். ராத்திரிக்கு 0.15 யூனிட், தண்ணீரில் 0.6 டிகிரி. சாதாரண தெர்மாமீட்டரின் பிழையே இந்த அளவு இருக்கும்.

ரூபாயில் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராத்திரி போன சூடெல்லாம் காசு அல்ல. நல்ல வெயில் நாளில் அந்தச் சூட்டை மறுநாள் சூரியன் இலவசமாகத் திருப்பித் தந்துவிடுகிறது. பேக்கப் ஹீட்டரைப் போடவைத்தால் மட்டுமே அது காசு. உங்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு 20 லிட்டர் பக்கெட் என்றால், 40 டிகிரியில் 160 லிட்டர் வேண்டும். காலையில் 46 டிகிரியில் 200 லிட்டர் இருந்து, பச்சைத் தண்ணீர் 15 டிகிரி என்றால், கலந்த பின் 248 லிட்டர் கிடைக்கும். வெந்நீர் எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் நுழைவதால் முக்கால் பங்குதான் உருப்படியாக வரும் என்று கழித்தாலும் 186 லிட்டர். போதும். அந்த நாளில் 12 டிகிரி குறைந்ததால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

மழையும் மூட்டமுமான நாட்களில்தான் நஷ்டம் வருகிறது. அன்று சாயங்காலம் டேங்க்கே 44 டிகிரிதான் இருக்கும். உள்ளே சூடு குறைவு என்பதால் இழப்பும் குறைவு. கூடுதல் சுற்று மிச்சப்படுத்துவதும் 0.1 யூனிட்டாகச் சுருங்கிவிடும். வருஷத்தில் அப்படி 150 நாள், யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 15 யூனிட், 105 ரூபாய். 9,000 ரூபாய் திரும்ப 80 வருஷத்துக்கு மேல். சரி, 365 நாளும் முழு 0.15 யூனிட்டும் காசுதான் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷம் 380 ரூபாய், 24 வருஷம். டேங்க் அவ்வளவு காலம் இருக்காது. யூனிட் விலைக்கு உங்கள் பில்லின் சராசரியை எடுக்காதீர்கள். மிச்சமாகும் யூனிட் எப்போதும் கடைசிச் சிலாப்பிலிருந்துதான் குறையும், அந்தச் சிலாப்பின் விலையைப் போடுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ச் சிலாப்பின் மானியமும் குறைகிறது.

இப்போது அந்த 4.5-ஐத் தேடுவோம்.

ஒரு பங்கு டியூப்புகளுக்கு உரியது, அதைத் தவிர்க்க முடியாது. கண்ணாடி டியூப்புக்குள் தண்ணீர் நேராக டேங்க்கோடு சேர்ந்தே இருக்கிறது. வெற்றிடம் இருப்பதால் காற்று வழியே சூடு போகாது, ஆனால் கறுப்புப் பூச்சிலிருந்து கதிராகக் கொஞ்சம் போகும். 58 மி.மீ. விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள ஒரு டியூப்புக்கு டிகிரிக்கு 0.12 வாட் அளவில் வரும். 20 டியூப்புக்கும் 2.4. அதாவது டியூப்புகள் டேங்க்கைப் போல இரண்டு மடங்கு இழக்கக்கூடியவை. நிஜத்தில் அவ்வளவு போகாது. குளிர்ந்த தண்ணீர் டியூப்பின் அடியில் தங்கிவிடும், மேல்பாதி மட்டுமே டேங்க்கோடு சூடு பரிமாறும். ஆகவே 2.4 என்பது மேல்வரம்பு. டேங்க்கையும் டியூப்பையும் கூட்டினால் 3.6. குறையே இல்லாத 200 லிட்டர் டியூப் சோலார் குன்னூர்க் குளிரில் ஒரு ராத்திரியில் 7, 8 டிகிரிக்கு மேல் இழக்கக் கூடாது என்று இதிலிருந்து சொல்லலாம். உங்களுடையது 12. மேற்கொண்டு போகும் 4 டிகிரிக்கு எங்கோ கோளாறு இருக்கிறது.

அளவே தப்பாக இருக்கலாம் என்பதையும் முதலில் நீக்கிவிட வேண்டும். குழாயில் பிடித்த தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால், டேங்க்கின் மேல்மட்டத் தண்ணீரை, அதுவும் வழியில் குழாய் குளிரவைத்த பிறகு, பார்த்திருக்கிறீர்கள். மீன் தொட்டிக்கு விற்கும், நீண்ட ஒயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். 100 டிகிரிக்கு மேல் காட்டக்கூடியதா என்று பார்த்து வாங்க வேண்டும். டேங்க்கின் உச்சியில் நிற்கும் ஏர் வென்ட் குழாய் வழியாகச் சென்சாரை இறக்கலாம். மேலே வளைவு இருந்தால் அந்த வளைவைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். வென்ட் குழாய்க்குள்ளும் தண்ணீர் நிற்கும் என்பதால், உள்டேங்க்கின் உச்சியிலிருந்து 10, 20, 30 செ.மீ. ஆழத்தில் மூன்று அளவு எடுத்துச் சராசரி போடுங்கள். பேக்கப் ஹீட்டரின் எம்.சி.பி. அணைந்திருக்க வேண்டும். மத்தியானம் ஏறாதீர்கள், வென்ட்டில் ஆவி வரும். ஒயர் போக இடைவெளி இருக்கட்டும், வென்ட்டைத் துணியாலோ டேப்பாலோ அடைக்கவே கூடாது. அடைத்தால் தண்ணீர் வெளியேறும்போது உள்ளே காற்று புக வழியில்லாமல் டேங்க் உள்வாங்கி நசுங்கிவிடும்.

அளவு சரி, 12 டிகிரி நிஜம்தான் என்றால், அடுத்து ஒரு ராத்திரிச் சோதனை. சாயங்காலம் டேங்க்கின் வெந்நீர் வெளிவாய் வால்வையும் பச்சைத் தண்ணீர் வரும் வால்வையும் மூடுங்கள். வென்ட் திறந்தே இருக்கட்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இரண்டையும் மறக்காமல் திறந்துவிடுங்கள். அன்று 12-க்குப் பதில் 8 டிகிரிதான் குறைந்தது என்றால் டேங்க்கிலோ டியூப்பிலோ கோளாறு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான் மாறிப்போயிருக்கிறது. குளியலறை மிக்சர் டேப்பைப் பாருங்கள். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் பிரஷர் பம்ப் இருந்து, மிக்சருக்குள் இருக்கும் சின்ன நான் ரிட்டர்ன் வால்வு தேய்ந்திருந்தால், பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாயில் ஏறி டேங்க்குக்குள் போய்விடும். டேப்பை மூடாமல் கை ஷவரில் மட்டும் நிறுத்தியிருந்தால் இது நடக்கும். அல்லது எங்கோ ஒரு டேப் ஒழுகும். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ராத்திரிக்கு இரண்டு மூன்று லிட்டர்தான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் நூல் போல இழைந்து, நிமிஷத்துக்கு 50 மில்லி ஒழுகினால் 12 மணி நேரத்தில் 36 லிட்டர். 58 டிகிரித் தண்ணீர் 36 லிட்டர் போய் 15 டிகிரித் தண்ணீர் 36 லிட்டர் வந்தால் டேங்க்கின் சராசரி 7, 8 டிகிரி இறங்கிவிடும். 100 மில்லி அளவுள்ள குவளையை டேப்பின் கீழ் இரண்டு நிமிஷம் வைத்தாலே தெரிந்துவிடும். எவ்வளவு பஃப் சுற்றினாலும் இதற்கு ஆகாது.

வால்வு மூடியும் 12 டிகிரி குறைந்தால் சூடுதான் போகிறது. அப்போது டியூப்புகளைப் பாருங்கள், ஒவ்வொன்றாக. டியூப்பின் அடிமுனையில் கண்ணாடிக்கு உள்ளே, முகம் பார்க்கும் கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு பளபளக்கும். அது பேரியம். உள்ளே காற்று புகுந்தால் அது பாலைத் தெளித்தது போல வெளுத்துவிடும். ஸ்டாண்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக் கிண்ணம் முனையை மறைக்கும். அதைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். முனையில் வெள்ளியா வெண்மையா என்பதில் சந்தேகமே வராது, பக்கத்து டியூப்போடு வைத்துப் பார்த்தால் போதும். ஏணி எடுக்காமல் பார்க்க இன்னொரு வழி குன்னூரில் உண்டு. பனி இறங்கிய காலையில் டியூப்புகளைப் பாருங்கள். நல்ல டியூப்பின் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருப்பதால் பனித்துளி அப்படியே படிந்திருக்கும். வெற்றிடம் போன டியூப் மட்டும் காய்ந்து துடைத்தது போல நிற்கும், உள்ளே இருக்கும் வெந்நீர் அதைச் சூடாக வைத்திருப்பதால்.

அப்படி ஒரு டியூப் எவ்வளவு இழக்கும்? இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 4 மி.மீ. காற்று, அதற்கு வெளியே நீலகிரிக் காற்று. டிகிரிக்கு 1 வாட் வரை போகலாம். முழு டேங்க்கும் பஃப் வழியாக இழப்பது 1.2 என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரேயொரு வெளுத்த டியூப் ஏறக்குறைய இன்னொரு டேங்க்குக்குச் சமம். அடித் தண்ணீர் குளிர்ந்து தேங்குவதால் பாதிதான் என்று கழித்தாலும், அத்தகைய இரண்டு டியூப் இருந்தாலே உங்கள் கூடுதல் இழப்பில் பாதிக் கணக்கு முடிந்துவிடும். பகலில் அந்த டியூப் வாங்கும் வெயிலிலும் நிறைய வெளியே போய்விடும் என்பது கூடுதல் நஷ்டம். உச்சி வெயிலில் நல்ல டியூப்பைத் தொட்டால் வெதுவெதுப்புகூட அதிகம் இருக்காது, வெற்றிடம் போனது நன்றாகவே சுடும். விரல் நுனியால் ஒரு நொடி மட்டும் தொடுங்கள்.

மாற்றுவது கடினமில்லை. ஒரு டியூப் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒன்றை உருவினாலும் டேங்க் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கொட்டும் என்பதால் டேங்க்கை வடிக்க வேண்டும். சாயங்காலம் வெயில் போன பின்னோ விடியற்காலையோ செய்யுங்கள். சிலிக்கான் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூப்பைத் திருகியபடி உள்ளே தள்ள வேண்டும். நேராக அழுத்தினால் வளையம் மடிந்து ஒழுகும். வெயிலில் காய்ந்த காலி டியூப்பில் பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி அங்கேயே வெடிக்கும். பல இடங்களில் ஒரு டியூப் மாற்றப்போய் நான்கு டியூப் உடைவது இந்த ஒரு காரணத்தால்தான்.

டியூப் எல்லாம் வெள்ளியாகவே இருந்தால் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். நேரம் முக்கியம்: விடியற்காலை, வீட்டில் யாரும் டேப்பைத் திறப்பதற்கு முன். டேங்க்கிலிருந்து வெந்நீர் வெளியேறும் குழாயை ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஐஸ் போலச் சில்லிட்டிருந்தால் அங்கே பிரச்சினை இல்லை. வெதுவெதுப்பாக இருந்தால், பல மணி நேரமாகத் தண்ணீரே ஓடாத குழாய் சூடாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: குழாய்க்குள்ளேயே தண்ணீர் சுற்றுகிறது. டேங்க்கின் மேல்பக்கத்திலிருந்து குழாய் மேல்நோக்கியோ படுக்கையாகவோ போனால், சூடான தண்ணீர் குழாயின் மேல்விளிம்பை ஒட்டி வெளியே வரும், குளிர்ந்தது கீழ்விளிம்பை ஒட்டித் திரும்பும். அதே குழாயில் இரண்டு ஓட்டம். இன்சுலேஷன் இல்லாத ஒரு இஞ்சு ஜி.ஐ. குழாய் இப்படிச் சூடாக இருந்தால் மீட்டருக்கு டிகிரிக்கு 1 வாட் இழக்கும். இங்கேயும் அதே அளவுதான்: ஒரு மீட்டர் வெறும் குழாய், ஒரு முழு டேங்க்.

இதற்கு நைட்ரைல் உறை மட்டும் போட்டால் இழப்பு மூன்றில் ஒன்றாகும். சுற்றலை நிறுத்த வேண்டுமானால், டேங்க்கை விட்டு வெளியே வந்த உடனே குழாய் ஒரு அடியாவது நேராகக் கீழே இறங்கும்படி செய்ய வேண்டும். சூடான தண்ணீர் கீழே இறங்காது என்பதால் அந்த இறக்கத்தின் தலையிலேயே சூடு நின்றுவிடும். இரண்டு எல்போவும் ஒரு துண்டுக் குழாயும் போதும். பிறகு டேங்க்கிலிருந்து முதல் இரண்டு மீட்டருக்கு 19 மி.மீ. நைட்ரைல் உறை, மேலே வெயில் படாமல் அலுமினிய டேப். வெயில் பட்டால் நைட்ரைல் இரண்டு மூன்று வருஷத்தில் பொடியாக உதிரும். நீலகிரியில் குரங்கு வேறு உரித்துப் போட்டுவிடும், அதனால் எட்டும் இடத்தில் தகடு அடிப்பது வீண் செலவு அல்ல. ஏர் வென்ட் குழாயின் அடி அரை மீட்டருக்கும் உறை போடுங்கள். அங்கே தண்ணீர் நிற்கும் உயரம் வரை எப்போதும் சூடாகவே இருக்கும். வாயை மட்டும் மூடாதீர்கள்.

மூன்றாவது, ஈரம் குடித்த இன்சுலேஷன். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உதவும். நல்ல பஃப் வழியாக மூன்று சதுர மீட்டரில் 49 வாட் வந்தால், வெளித்தகடு காற்றைவிட ஒன்றரை, இரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். கையில் தெரியவே தெரியாது. ஆகவே இருட்டிய பின் டேங்க்கின் பக்கவாட்டிலும் அடிப்பக்கத்திலும் கையைத் தடவிக்கொண்டே வாருங்கள். எங்காவது இளஞ்சூடு தெரிந்தால் அங்கே பஃப் இல்லை அல்லது நனைந்திருக்கிறது. துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்து நேராகப் பளபளப்பான தகட்டைப் பார்க்காதீர்கள். தகடு வானத்தைப் பிரதிபலித்து மைனஸ் டிகிரிகூடக் காட்டும். ஆங்காங்கே ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, பத்து நிமிஷம் கழித்து அந்த டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும். தண்ணீர் பஃப்பைவிட 24 மடங்கு சூட்டைக் கடத்தும் என்பதால் நனைந்த பகுதி பஃப்பே இல்லாதது போல ஆகிவிடும். மழை பெய்யாத வாரத்தில் டேங்க்கின் மூடி ஓரத்திலிருந்து துருநிறத்தில் தண்ணீர் கசிந்தால் உள் டேங்க்கே ஓட்டையாகி உள்ளுக்குள் நனைகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட டேங்க்கின் மேல் இன்னொரு சுற்று போட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, டேங்க் இன்னும் வேகமாக அரிக்கும். அந்த 9,000-த்தைப் புது டேங்க்குக்காக வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றில் எது உங்கள் வீட்டுக் கோளாறோ, அதைச் சரிசெய்து 5.7-ஐ 3.6-க்குக் கொண்டுவந்தால், மூட்டமான ராத்திரியில் 44 டிகிரித் தண்ணீர் காலையில் 36-க்குப் பதில் 38, 39-இல் நிற்கும். அது ராத்திரிக்கு 0.6 யூனிட். 150 நாளுக்கு 90 யூனிட், 630 ரூபாய். இரண்டு டியூப், எல்போ, உறை, கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆனாலும் ஐந்து வருஷத்துக்குள் திரும்பும். பகலில் கூடுதலாகக் கிடைக்கும் சூடு இதில் சேரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய காசு பேக்கப் ஹீட்டரை எப்போது போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மூட்டமான நாளில் ராத்திரி படுக்கும் முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டு, தெர்மோஸ்டாட் 60-இல் நிற்கட்டும் என்று விட்டால், 44-லிருந்து 60-க்கு ஏற்ற 3.7 யூனிட், பிறகு அந்த 60-ஐ விடியும்வரை பிடித்துவைக்க இன்னும் 3 யூனிட், ஆக ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். அதையே காலையில் 36-லிருந்து 45-க்கு ஏற்றினால் 2.1 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐந்து மணிக்குப் போட்டு ஆறே காலுக்கு அணைக்கும்படி, 16 ஆம்பியர் தாங்கும் டைமர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டை 45, 50-க்கு இறக்கிவைக்கலாம். சாயங்காலத் தண்ணீரில் கிருமி பெருகுமோ என்ற கவலை இருந்தால், மூட்டம் ஒரு வாரம் தொடர்ந்து டேங்க் 60-ஐத் தொடாமலே இருக்கும்போது ஒரு தடவை 60-க்கு ஏற்றிவிடுங்கள்.

கூடுதல் இன்சுலேஷன் பலனே தராது என்று நான் சொல்லவில்லை. 25 மி.மீ. கிளாஸ் வுல் மட்டும் போட்ட பழைய டேங்க் டிகிரிக்கு 3.4 வாட் வரை இழக்கும். அதன்மேல் 50 மி.மீ. போட்டால், முக்கால் பரப்பை மூடினாலும், 1.6 வாட் குறையும். அந்த டேங்க் ஒரு விடுதியிலோ ஓட்டலிலோ இருந்து, 24 மணி நேரமும் கரண்டில் சூடாக வைக்கப்பட்டால், நாளுக்கு 1.34 யூனிட், வருஷத்துக்கு 490 யூனிட், 3,400 ரூபாய். 9,000 ரூபாய் மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். ஸ்டிக்கரில் 50 என்று போட்டிருந்தாலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், டேங்க்கின் வெளிச்சுற்றளவை நூலால் அளந்து 3.14-ஆல் வகுத்து வெளிவிட்டத்தைக் கண்டுபிடியுங்கள். உள்டேங்க்கின் விட்டம் கம்பெனி ஷீட்டில் இருக்கும். வித்தியாசத்தில் பாதிதான் பஃப்பின் கனம். அது 50-க்குப் பதில் 30 மி.மீ. என்று வந்தால் 1.2 என்ற எண்ணுக்குப் பதில் 1.9 போட்டு, மேலே உள்ள கணக்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.